நினைவு அட்டையில் ஒரு வரி: நிசீதிகைக் கல் கற்பிக்கும் பாடம்

(கெலவரப்பள்ளியில் நிகழ்ந்த குடும்பக் கூடலில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

செஞ்சி, வந்தவாசி, திண்டிவனம், ஆரணி ஆகிய ஊர்ப்பக்கங்களிலிருந்து தொழில் நாடி ஓசூருக்கு வந்து குடியமர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல. தென்பெண்ணை கருநாடகத்திலிருந்து தமிழ் மண்ணுக்குள் நுழைந்து தேங்கி நிற்கும் கெலவரப்பள்ளி அணையைச் சுற்றிலும் இன்று வீடுகள் பெருகியுள்ளன. மகனோ மகளோ தொழிற்சாலையில் பணிபுரிய, ஊரிலிருந்த பெற்றோர் முதுமையில் இங்கு வந்து சேர்கின்றனர். அவர்களுள் ஒருவர் மறையும்போது குடும்பத்தார் ஒரு புதிய இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். பிறந்த ஊரில் அவரை அறியாதவர் இல்லை. ஆதலின் அவரைப் பற்றி எழுதிக்காட்ட வேண்டிய தேவையும் இருந்ததில்லை. இங்கோ பக்கத்து வீட்டார் தெலுங்கோ கன்னடமோ பேசுவோர்; மகனுடன் பணிபுரிவோர் பல சமயத்தவர். அவர்கள் கையில் சேரும் நினைவு அட்டை ஒன்றே அம்முதியவரை அவர்களுக்கு அறிமுகம் செய்கிறது.

அந்த அட்டையில் படமும், தோற்றம் மறைவு என்னும் இரு நாள்களும் அமைந்த பின்னர், நடுவில் ஒரு வரிக்கு இடம் இருக்கும். அச்சகத்தில் கேட்டால் ஆயத்தமான வரிகள் பத்து இருபது காட்டுவார்கள். துயரத்தில் இருக்கும் குடும்பம் அவற்றுள் ஒன்றைச் சுட்டிவிட்டு வருவது வழக்கம். எளிமையாக வாழ்ந்த ஒரு முதியவருக்கு அந்த ஒரு வரியை எவ்வாறு அமைப்பது என்பதே இவ்வுரையின் பொருள். அதற்கு வழிகாட்டத் தமிழ்ச் சமணர்க்கு வேற்றிடம் தேட வேண்டியதில்லை. செஞ்சிக்கு அருகிலேயே, ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாறையில் வெட்டிய ஒரு வரி இருக்கிறது.

திருநாதர்குன்று என்னும் அக்குன்றை இங்குள்ளோர் பலர் வணங்கியிருப்பர். இருபத்து நான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஒரே பாறையில் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டிருக்கும் இடம் அது. அங்கே சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நிசீதிகை உள்ளது. நிசீதிகை என்பது உண்ணாநோன்பு ஏற்று உயிர் துறந்த அறவோர்க்கு அமைக்கும் நினைவிடம். அந்தக் கல்வெட்டு கூறும் செய்தி இவ்வளவே: ஐம்பத்தேழு அனசனம் நோற்றவர், பெயர் சந்திரநந்தி, அவர் ஆசிரியர், இது அவருடைய நிசீதிகை. சொற்களைப் பிரித்து எண்ணினால் ஆறே ஆறு. அனசனம் என்பது உண்ணாமை. ஐம்பத்தேழு என்பதை ஐம்பத்தேழு நாள் எனக் கல்வெட்டறிஞர் கொள்வர்.

இந்த ஆறு சொற்களில் இல்லாதவற்றை முதலில் நோக்க வேண்டும். அவர் எந்த ஊரினர், யாருடைய மகன், எந்த மன்னன் காலத்தவர் என்பன இல்லை. பெருந்தவத்தர், அருளாளர், ஒப்பற்றவர் போன்ற அடைமொழி ஒன்றும் இல்லை. கல்லை நட்டவர் யார், அவர் எவ்வளவு வருந்தினார் என்பதும் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, சந்திரநந்தி ஆசிரியர் இறந்தபின் எங்குச் சென்றார் என்னும் குறிப்பும் இல்லை. அவர் செய்த ஒன்று இருக்கிறது. அதன் அளவு இருக்கிறது. அவர் பெயர் இருக்கிறது.

அதே செஞ்சி வட்டாரத்தில் பறையன்பட்டு என்னும் ஊரில் மற்றொரு நிசீதிகைக் கல்வெட்டு உண்டு. வச்சணந்தி என்னும் ஆசாரியரின் மாணாக்கர் ஒருவர் ஆராதனை நோற்று முடித்ததை அது கூறுகிறது. வியப்பு யாதெனில், அந்த மாணாக்கரின் பெயர் அதில் இல்லை. அவருடைய ஆசாரியரின் பெயரே இருக்கிறது. தம்மைப் பின்னிறுத்தி ஆசிரியரை முன்னிறுத்தி வாழ்ந்த ஒருவருக்கு அதுவே பொருந்தும் நினைவாக அமைந்துவிட்டது. வாழ்ந்த வகையே எழுதும் வகையையும் முடிவு செய்யலாம் என்பதற்கு அக்கல் சான்று.

இச்சுருக்கம் சமணர் கல்லுக்கு மட்டும் உரியதன்று. கிருட்டிணகிரி, தருமபுரி, செங்கம் பகுதிகளில் நடுகற்கள் மிகுதி. ஆநிரையை மீட்டு உயிர் நீத்த வீரனின் கல்லில் ஆட்சியாண்டும், அவன் பெயரும், அவன் செய்த செயலும் இருக்கும், அழுகை இராது. செங்கத்துக்கு அருகே எடுத்தனூரில் மகேந்திர பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவனுடைய நாயும் நினைக்கப்படுகிறது. நாயின் பெயர் கோவிவன். அது கடித்த கள்வர் இருவர். நாய்க்கும் பெயர், செயல், எண் என்னும் மூன்றும் தந்த மரபு இது. தந்தைக்கும் தாய்க்கும் அவற்றைத் தராமல் அச்சகத்து வரியோடு நிறுத்திக்கொள்வது முறையாகுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ் இலக்கணமும் இதே பிரிவினையைச் செய்கிறது. இறந்தோரை எண்ணி ஆற்றாது புலம்புவது கையறுநிலை. நடுகல் எடுப்பது அதனின் வேறு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என அதற்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. கல்லைத் தேர்வதில் தொடங்கும் அப்படிகளின் இறுதியில் நிற்பது வாழ்த்தல். புலம்பலுக்கு இடம் இல்லை என்பது இதன் பொருளன்று. புலம்பலுக்கு உரிய வடிவம் வேறு, நிலைத்து நிற்கும் கல்லுக்கு உரிய வடிவம் வேறு என்பதே பொருள். வீட்டில் அழுவது கையறுநிலை. அட்டையில் அச்சிடுவது வாழ்த்தல்.

இனி, அச்சகத்து வரிகளுள் பெரிதும் வழங்குவனவற்றைச் சற்று ஆராயலாம். முதலாவது, இறைவனடி சேர்ந்தார் என்பது. இது பிற சமயத்தார்க்கு அவர்தம் நம்பிக்கைப்படி பொருந்தும் தொடர். சமண நெறியில் உயிரைத் தன் அடியில் ஏற்றுக்கொள்ளும் படைப்புக் கடவுள் இல்லை. உயிர் தான் ஈட்டிய வினைக்கேற்பத் தன் பயணத்தைத் தொடர்கிறது. அதற்கு மாற்றாக வீடுபேறு அடைந்தார் என எழுதுவோரும் உளர். இந்தப் பஞ்சம காலத்தில் இந்தப் பரத கண்டத்திலிருந்து நேரே வீடுபேறு எய்துதல் இல்லை என்பது ஆகமக் கொள்கை. அன்பினால் எழுதியதாயினும் அது கொள்கைக்கு மாறானதே. ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம் என்பதும் இத்தகையதே. ஓர் உயிரின் வினையைப் பிறருடைய வேண்டுதல் கழிக்காது. ஆக, மறைந்தவர் எங்குச் சென்றார் என்பதைப் பற்றி அட்டையில் உறுதியாகச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. உறுதியாகச் சொல்லத்தக்கது அவர் எப்படி வாழ்ந்தார் என்பது மட்டுமே. சந்திரநந்தி ஆசிரியரின் கல் இந்த எல்லையை அறிந்து அதற்குள் நிற்கிறது.

இரண்டாவது, ஈடுசெய்ய இயலாத இழப்பு, மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்றீர் போன்ற தொடர்கள். இவை பொய்யல்ல. ஆயினும் இவற்றில் எழுவாய் யார் என்று பார்த்தால் உண்மை புலப்படும். இழந்தவர் குடும்பத்தார், ஆழ்ந்தவர் குடும்பத்தார். வரி முழுவதும் எழுதியவரைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. மறைந்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் 6ஆம் அத்தியாயம் துன்ப வினை வந்து சேரும் வாயில்களைக் கூறுமிடத்து, சோகத்தையும் அரற்றி அழுதலையும் அவற்றுள் வைத்து எண்ணுகிறது. துயரப்படாதே என யாரும் மகனிடம் கூற இயலாது. ஆனால் துயரத்தை அச்சிட்டு ஆண்டுதோறும் புதுப்பிப்பதை அந்நூல் நன்மையாகக் கருதவில்லை என்பது தெளிவு. பிறர் செய்த நல்வினையைக் கண்டு உள்ளம் உவந்து உடன்படுவதை அனுமோதனை என்பர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனுள் அது ஒன்று. ஒரு வாழ்வைக் கொண்டாடும் வரி என்பது சமணர்க்கு அனுமோதனையே ஆகும். அனுமோதனை செய்வதற்கு, உடன்படத்தக்க செயல் ஒன்று வரியில் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, எளிமையின் சிகரம், அன்பின் இமயம், குடும்பத்தின் ஆலமரம் என உருவகங்களை அடுக்குவது. எளிமையாக வாழ்ந்த ஒருவரைச் சிகரம் என்பதே முரண். அதனினும் பெரிய குறை, இவ்வரி யாருக்கும் பொருந்தும் என்பது. ஒரு வரி நல்லதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு: அட்டையிலுள்ள பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெரியவரின் பெயரை வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். வரி அப்போதும் பொருந்தினால் அது முன்னவரைப் பற்றியதன்று.

இனி, வரியை அமைக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். இது விளக்கத்திற்காகக் கற்பனையாக அமைத்த ஒரு குடும்பம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்திய முதியவர் ஒருவர். மனைவி மறைந்தபின் கெலவரப்பள்ளியில் மகன் வீட்டில் தம் இறுதிப் பத்தாண்டுகளைக் கழித்தவர். குடும்பத்தார் முதலில் எழுதிய வரி, எளிமையின் சிகரமே, எங்கள் குலவிளக்கே என்பது. பெயர் மாற்றிப் பார்க்கும் சோதனையில் அது நிற்கவில்லை.

அடுத்து அவர்கள் எழுதியது, எளிமையாக வாழ்ந்து எங்களை ஆளாக்கியவர் என்பது. இதில் உருவகம் நீங்கி உண்மை வந்துவிட்டது. ஆயினும் எளிமையாக என்னும் சொல் இன்னும் ஒரு முடிவுரையாகவே நிற்கிறது. எதைக் கண்டு அவரை எளியவர் என்றார்களோ அந்தக் காட்சி வரியில் இல்லை. சந்திரநந்தி ஆசிரியரின் கல் கடுந்தவம் செய்தார் என்று கூறவில்லை. ஐம்பத்தேழு என்று கூறுகிறது. எளிமை என்பதும் அளவால்தான் தெரியும். இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை என்பது பொருளே வேண்டா என்னும் துறவன்று. இவ்வளவு போதும் என்று தானே ஓர் அளவு வகுத்துக்கொண்டு அதன்மேல் செல்லாதிருப்பது. ஆகவே எளிமையாக வாழ்ந்தவரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அவர் எதற்கு எவ்வளவு எல்லை வைத்திருந்தார் என்பதே.

இக்கேள்வியை மகனிடம் கேட்டால் போதாது. எளிய மனிதர் தம் எல்லைகளைச் சொல்லித் திரிவதில்லை. அருகிருந்து பார்த்தவரே அறிவர். வீட்டில் துணி துவைத்தவர், உணவு பரிமாறியவர், ஊரில் கடையில் உடனிருந்தவர், தெருவில் நாள்தோறும் கண்டவர் ஆகிய நால்வரைக் கேட்பது நன்று. இந்த எடுத்துக்காட்டில் மகள் கூறியது, கதிர் மறைந்தபின் அப்பா உண்டதே இல்லை என்பது. கடைப் பையனாக இருந்தவர் கூறியது, தராசைத் தினமும் காலையில் சரிபார்த்த பின்னரே முதல் விற்பனை என்பது. மருமகள் கூறியது, மாமாவிடம் நான்கு வேட்டிகளுக்கு மேல் இருந்ததில்லை, தீபாவளிக்கு ஐந்தாவது வந்தால் அன்று மாலைக்குள் ஒன்று வெளியே போய்விடும் என்பது.

மூன்றும் உண்மை; மூன்றையும் ஒரே வரியில் திணிக்கலாகாது. ஒன்றைத் தேர வேண்டும். இரவுணவு நீக்கல் உயர்ந்த ஒழுக்கமே. ஆனால் தமிழ்ச் சமணர் இல்லங்களில் அதைக் கடைப்பிடிப்போர் பலர்; பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கு அதன் பொருளும் விளங்காது. தராசுச் செய்தி கடையோடு நின்றுவிடுகிறது. ஓசூரில் அவரை அறிந்தவர்க்கு அது புதிது. வேட்டிச் செய்தியில் எல்லையும் உண்டு, எல்லைக்கு மேற்பட்டதைக் கொடுத்த செயலும் உண்டு. எந்த மொழியினர்க்கும், எந்தச் சமயத்தார்க்கும் அது விளங்கும். ஆதலின் குடும்பத்தார் அதையே தேர்ந்தனர்.

தேர்ந்த பின்னும் ஒரு பணி எஞ்சியிருந்தது. செய்தியை உறுதி செய்ய வேண்டும். அட்டையில் வரும் பொய் ஒரு முறை சொல்லி மறையும் பொய்யன்று. பல வீடுகளில் பல்லாண்டு இருக்கும் பொய். வேட்டியைப் பெற்றவர் குடியிருப்பின் இரவுக் காவலர். அவரைக் கேட்டபோது ஒரு நுட்பம் வெளிவந்தது. பெரியவர் பழைய வேட்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்வார் என்று குடும்பத்தார் எண்ணியிருந்தனர். கொடுத்தது புதியதையே என்று காவலர் கூறினார். மருமகளும் எண்ணிப் பார்த்து, பெட்டியில் புது வேட்டியைக் கண்ட நினைவில்லை என்றார். அந்த ஒரு நுட்பத்தால் வரியின் பொருள் உயர்ந்துவிட்டது. கேளாமல் எழுதியிருந்தால் அவரைக் குறைத்து எழுதியிருப்பார்கள்.

இறுதியில் அமைந்த வரி இது: நான்கு வேட்டிகள் போதுமென்று, வந்த ஐந்தாவதைப் புதியதாகவே கொடுத்து வாழ்ந்தவர்.

சொல்லமைப்பில் கருதத்தக்கவை சில உண்டு. திருநாதர்குன்றக் கல்லில் நோற்ற என்னும் பெயரெச்சம் பெயருக்கு முன் நிற்கிறது. செயலைச் சொல்லி அதன் பின்னரே பெயரைச் சொல்வதால் படிப்பவர் செயல் வழியாகவே மனிதரை அடைகிறார். அட்டையிலும் வரியைப் பெயருக்கு மேலே வைத்து, வாழ்ந்த என முடித்து, அடுத்த வரியில் பெயரை அமைக்கலாம். பெயருக்குக் கீழே வைப்பதாயின் வாழ்ந்தவர் என முடிக்கலாம். வாழ்ந்தார் என முற்றாக முடித்தால் செய்தி அங்கேயே அடைபட்டு நின்றுவிடும். நீங்கள் என விளித்து எழுதும் வழக்கத்தைத் தவிர்ப்பது நன்று. மறைந்தவரை நோக்கிப் பேசும் வரியைக் கையில் வாங்குவோர் வேறு ஆளாகையால், அவர்கள் பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது போல் உணர்வர். வாயால் உரக்கப் படித்து, ஒரே மூச்சில் முடிகிறதா என்று பார்த்தல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேற்பட்டால் ஏதேனும் ஒன்று மிகையாக இருக்கும். பெரும்பாலும் அது ஓர் அடைமொழியாகவே இருக்கும்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் கூற வேண்டியுள்ளது. முதலாவது, வறுமையை எளிமை என எழுதலாகாது. கணவனை இளமையில் இழந்து, இரண்டே புடவைகளில் காலம் தள்ளிய தாயார் பலர் உளர். மூன்றாவது புடவையை அவர் வேண்டா என்று விலக்கவில்லை, வாங்க இயலவில்லை. எளிமையை விரும்பி ஏற்றவர் என அவருக்கு எழுதினால், அவர் பட்ட துன்பத்தைப் பிள்ளைகள் அழகுபடுத்தி மறைப்பதாகிவிடும். பிள்ளைகள் தம் கடமையில் தவறியதை மறைக்கவும் அச்சொல் பயன்பட்டுவிடக்கூடும். எளிமை தானே வகுத்துக்கொண்ட எல்லை. வறுமை பிறர் அல்லது காலம் வகுத்த எல்லை. அத்தாயார்க்கு உண்மையான வரி வேறு: இரண்டு புடவைகளோடு இருந்து மூன்று பெண்களைப் பள்ளி இறுதிவரை படிக்கவைத்தவர் என எழுதலாம். துன்பம் துன்பமாகவே தெரியும். அவர் செய்ததும் தெரியும். இரண்டில் எது என்று ஐயம் எழுந்தால், வசதி வந்தபின் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் போதும். கையில் பணம் வந்த பின்னரும் எல்லையை மாற்றாதவர் எளியவர்.

இரண்டாவது, சல்லேகனை, ஆராதனை, சமாதி மரணம் என்னும் சொற்களைக் காரணமின்றி அட்டையில் எடுத்தாளலாகாது. அவை அறிந்து, தெளிந்து, ஆசாரியர் முன்னிலையில் முறைப்படி ஏற்ற நோன்பைக் குறிப்பன. மருத்துவமனையில் நோயால் உணவு செல்லாது மறைந்தவருக்கு அச்சொல்லை இடுவது அவருக்கும் பெருமையன்று, நோற்றவர்க்கும் நீதியன்று. சந்திரநந்தி ஆசிரியரிடமிருந்து இல்லறத்தார் பெற வேண்டியது கல்லில் எழுதிய முறையை. அவருக்கே உரிய சொல்லையன்று.

மூன்றாவது, ஒரு வரியில் குலவரலாறு முழுவதையும் அடக்க முயலலாகாது. அதற்கு உரிய வடிவமும் மரபில் உண்டு. சிரவணபெளகொளாவின் சந்திரகிரியில் மல்லிசேன முனிவருக்கு 1129இல் அமைத்த கல்வெட்டு வடமொழிச் செய்யுள்களால் நீண்டது. முன்னைய ஆசாரியர் பலரை வரிசைப்படுத்திப் பாராட்டுவது. குருபரம்பரையை ஆராய்வோர்க்கு அது பெருஞ்செல்வம். அவ்வாறு விரித்துரைக்க விழைவோர் குடும்பத்துக்கெனத் தனிச் சிறுநூல் ஒன்று எழுதி வைக்கலாம். பாட்டன் பூட்டன் பெயர்கள், கோயிலுக்குச் செய்த திருப்பணிகள், மணவுறவுகள் அனைத்தும் அதில் இடம்பெறட்டும். அட்டை திருநாதர்குன்றின் வழியில் செல்வதே தகும்.

துயரத்துக்கு அட்டையில் இடமே இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு. அட்டையின் அடியில், பிரிவை உணரும் மக்கள், மருமக்கள், பேரர் பேர்த்தியர் எனப் பெயர்களுக்கு முன் வரும் இரண்டு சொற்கள் அதற்குப் போதுமானவை. அழுவோர் யார் என்பதை அந்தப் பெயர்களே கூறிவிடும். நடுவிலுள்ள இடம் முழுவதும் மறைந்தவருக்கு உரியதாக இருக்கட்டும்.

இன்னுமொரு நடைமுறைக் குறிப்பு. மறைந்த சில நாள்களுக்குள் இத்தனையும் கேட்டறிந்து எழுதுவது கடினம். அந்த நாள்களில் பெயரும் நாள்களும் நிகழிடமும் மட்டும் கொண்ட அழைப்பை அச்சிட்டால் போதும். வரியில்லாத அட்டை குறையுடையதன்று. முதலாம் ஆண்டு நினைவுக்கு முன் கிடைக்கும் மாதங்களில் ஊருக்குச் சென்று நால்வரைக் கேட்டு எழுதலாம். அதனினும் நன்று, பெரியவர் இருக்கும்போதே அவரோடு உடனிருந்து பார்ப்பது. எத்தனை பாத்திரம், எத்தனை துணி, எந்த நேரத்தில் உணவு, யாருக்கு எதைக் கொடுத்தார் என்பவை அவர் இருக்கும்போது நாள்தோறும் கண்ணெதிரே நிகழ்பவை. மறைந்தபின் அவற்றை அறிந்தவர் ஒவ்வொருவராகக் குறைந்து போவர்.

மேலே கண்ட குடும்பத்தின் அட்டை நூறு வீடுகளுக்குச் சென்றதாகக் கொள்வோம். பல வீடுகளில் அது நாளடைவில் காணாமற் போகும். ஏதோ ஒரு வீட்டில் ஒரு புத்தகத்தின் நடுவே அல்லது அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். இருபது ஆண்டுகள் கழித்து அவரை அறியாத ஒரு பிள்ளை அதை எடுத்துப் படித்துவிட்டு, இந்தத் தாத்தா ஏன் ஐந்தாவது வேட்டியைக் கொடுத்தார், அதுவும் ஏன் புதியதையே கொடுத்தார் என்று கேட்கும். வீட்டிலுள்ள யாரேனும் ஒருவர் அதற்கு விடை கூறத் தொடங்குவார்.